தீபாவளி ஒரு நாள், கணக்கு ஏழு நாள்: பண்டிகை வாரத்தில் கலோரியைச் சராசரி பார்ப்பது எப்படி

தீபாவளி காலை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு உட்கார்ந்தால் கடலூர்ப் பக்கம் பல வீடுகளில் இட்லி, கறிக்குழம்பு, உளுந்து வடை. கேதார கௌரி நோன்பு எடுக்கும் வீடென்றால் படையலில் அதிரசம் அடுக்கியிருக்கும். அமாவாசை எப்போது வருகிறது என்பதைப் பொறுத்துக் கறி முன்னும் பின்னும் நகரும். எப்படி நகர்ந்தாலும் அன்றைய சாப்பாடு வழக்கமான நாளைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. தினமும் கலோரி குறித்துவைத்துச் சாப்பிடுகிறவருக்கு அன்று இரவு நோட்டைத் திறக்கவே மனம் வராது. மறுநாளிலிருந்து எழுதுவதையே நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு.

உடம்பு நள்ளிரவு 12 மணிக்குக் கணக்கை முடித்துப் புதுப் பக்கம் திருப்புவதில்லை. எடை கூடுவதும் குறைவதும் பல நாள் வரவு செலவின் போக்கில்தான். அதனால் ஒரு நாள் கணக்கை ஏழு நாள் கணக்காக விரித்துப் பார்க்கலாம். இதை எப்படிச் செய்வது, எங்கே தவறும் என்பதை ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். 2026-இல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. அதை நடுவில் வைத்து, நவம்பர் 5 வியாழன் முதல் 11 புதன் வரையிலான ஏழு நாளை எடுத்துக்கொள்வோம்.

முதலில் ஒரு எச்சரிக்கை. இன்சுலின் போடுகிறவர்களும், சர்க்கரையைத் தாழ்த்தும் கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இந்த முறையில் இறங்கக் கூடாது. மருந்தின் அளவு அப்படியே இருக்க, சாப்பாட்டை மட்டும் குறைத்தால் ரத்தச் சர்க்கரை தாழ்ந்துவிடும். அதோடு சராசரி என்பது எடைக்குத்தான் பொருந்தும், சர்க்கரைக்குப் பொருந்தாது. ஞாயிறன்று மூன்று அதிரசம் தின்றதால் ஏறும் சர்க்கரையை வெள்ளிக்கிழமை விட்ட சோறு ஈடுகட்டாது. கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், வளரும் பிள்ளைகள், சாப்பாட்டை எண்ணி எண்ணியே மனம் நொந்த அனுபவம் உள்ளவர்கள் ஆகியோருக்கும் இந்தக் கணக்கு வேண்டாம்.

இரண்டு எண்கள் கையில் இருக்க வேண்டும்

ஒன்று, நீங்கள் வழக்கமாகத் தினமும் சாப்பிடும் அளவு. மற்றொன்று, எடை ஏறாமலும் இறங்காமலும் அப்படியே நிற்க உங்களுக்குத் தேவையான அளவு. இதற்குச் சூத்திரங்கள் உண்டு. ஆனால் மூன்று வாரமாக ஒழுங்காகக் குறித்துவைத்திருந்தால் உங்கள் நோட்டே அதைவிட நம்பகமானது.

நம் உதாரணத்துக்கு வருவோம். மஞ்சக்குப்பத்தில் நாற்காலி வேலை பார்க்கும் 38 வயதுக்காரர், எடை 78 கிலோ. மூன்று வாரமாகத் தினமும் சராசரியாக 1,900 கலோரி சாப்பிடுகிறார். எடை வாரத்துக்கு ஏறக்குறைய 350 கிராம் இறங்குகிறது. ஒரு கிலோ உடல் கொழுப்பைச் சுமார் 7,700 கலோரி என்று வைப்பது வழக்கம். அப்படியானால் 350 கிராம் என்பது வாரத்துக்கு 2,700 கலோரி, நாளுக்கு 400-க்குக் கொஞ்சம் குறைவு. ஆக எடை நிற்பதற்கு அவருக்குத் தினமும் சுமார் 2,300 தேவை.

இதை வாரக் கணக்காக்கினால், அவர் திட்டப்படி சாப்பிடுவது 7 × 1,900 = 13,300. எடை நிற்கத் தேவை 7 × 2,300 = 16,100. இடையில் இருக்கும் 2,800-தான் அவருடைய வாரப் பற்றாக்குறை. இந்த 2,800-ஐ மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தீபாவளி வந்து தின்பது இதைத்தான்.

பண்டிகை நாளை முன்கூட்டியே எடை போடுவது

பெரும்பாலான பிழை இந்த இடத்தில்தான் நடக்கும். இட்லியையும் சோற்றையும் ஓரளவு சரியாகக் கணித்துவிடுவோம். எண்ணெயில் பொரித்ததைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆப்பில் அதிரசம் என்று தேடினால் ஒன்றில் 120 என்றிருக்கும், இன்னொன்றில் 250 என்றிருக்கும். யாரோ ஒருவர் வீட்டு அதிரசம் அது. உங்கள் வீட்டு அதிரசம் எவ்வளவு பெரியது, எவ்வளவு எண்ணெய் குடித்தது என்று அதற்குத் தெரியாது.

வீட்டில் சுடுவதென்றால் இதைத் துல்லியமாகவே கண்டுபிடிக்கலாம். வேண்டியது ஒரு சமையலறைத் தராசு மட்டுமே.

அதிரசத்துக்குப் பச்சரிசி ஊறுவதற்கு முன்பே எடை போட்டு எழுதிவையுங்கள். ஊறி, நிழலில் உலர்ந்து, ஈரப்பதத்தோடு இடித்த மாவின் எடையில் தண்ணீரும் சேர்ந்திருக்கும். அதைக் கணக்கில் எடுத்தால் கலோரி வீணாகக் கூடும். வெல்லத்தையும் பாகு காய்ச்சும் முன்பே எடை போடுங்கள். பிறகு எண்ணெய். வாணலியில் ஊற்றும் முன் எவ்வளவு கிராம் என்று பாருங்கள். சுட்டு முடித்து, எண்ணெய் நன்றாக ஆறிய பின் மிச்சத்தை மறுபடி எடை போடுங்கள். அதிரசத்தை இரண்டு கரண்டிக்கு நடுவே வைத்து அழுத்திப் பிழிவோமே, அந்த எண்ணெயும் வாணலிக்கே திரும்பியிருக்க வேண்டும். முன்னெடைக்கும் பின்னெடைக்கும் உள்ள வித்தியாசம் அதிரசம் குடித்த எண்ணெய். ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு கிலோ என்று எழுதிவிடாதீர்கள். ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம்தான் இருக்கும். அந்த 90 கிராம் பிழை மட்டுமே 800 கலோரிக்கு மேல்.

ஒரு ஈடு இப்படி வருகிறது என்று வைப்போம். அரிசி 1 கிலோ, அது 3,500 கலோரி. வெல்லம் 750 கிராம், அது 2,850. எண்ணெய் முன்பு 1,000 கிராம், பின்பு 740 கிராம்; குடித்தது 260 கிராம், கிராமுக்கு 9 கலோரி வீதம் 2,340. மூன்றையும் கூட்டினால் 8,690. வந்த அதிரசம் 42. வகுத்தால் ஒன்றுக்கு 207, கைக்கணக்குக்கு 210. அளவு ஒன்றுபோல் இல்லாவிட்டால் மொத்த அதிரசத்தையும் எடை போட்டுக் கிராமுக்கு எவ்வளவு என்று பாருங்கள். மேற்சொன்ன ஈட்டில் அது 2,170 கிராம் இருந்தால் கிராமுக்கு 4 கலோரி. நோன்புக்கென்று பெரிதாகத் தட்டிய 80 கிராம் அதிரசம் 320 ஆகிவிடும்.

முறுக்குக்கும் இதே வழிதான். பொதுவாக முறுக்கு 100 கிராமுக்கு 500 கலோரி சுமாராக வரும், ஆகவே 20 கிராம் முறுக்கு ஒன்று 100. கடை இனிப்பில் நெய் மைசூர்பாகு கிராமுக்கு ஐந்தரைவரை போகும், லட்டு நாலரை. இந்த எண்களில் கொஞ்சம் முன்பின் இருக்கும். சந்தேகம் வந்தால் உயர்ந்த எண்ணையே எடுங்கள். தீபாவளி லேகியத்தை விட்டுவிடலாம். நெல்லிக்காய் அளவு உருண்டை, மொத்தக் கணக்கின் பிழைக்குள்ளேயே அது கரைந்துவிடும்.

இனி அவருடைய தீபாவளி நாள். காலையில் ஐந்து இட்லி 300, எலும்போடு நாலைந்து துண்டு போட்ட கறிக்குழம்பு 300, வடை இரண்டு 250. அதிரசம் நாள் முழுக்க மூன்று, 630. முறுக்கு மூன்று, 300. பக்கத்து வீட்டுத் தட்டில் வந்த மைசூர்பாகு ஒன்றும் லட்டு ஒன்றும் 400. மதியம் 400 கிராம் கோழி பிரியாணியும் வறுவலும் 970. சர்க்கரை போட்ட பால் காபி மூன்று, 300. இரவு இரண்டு தோசை, காலைக் குழம்பின் மிச்சத்தோடு 450. கூட்டினால் 3,900.

வழக்கத்தைவிட 2,000 அதிகம். இந்த எண்ணை தீபாவளிக்கு நாலு நாள் முன்னரே, புதன்கிழமை இரவே, எழுதிவிட வேண்டும். தின்ற பிறகு எழுதினால் அது கணக்கு; முன்னரே எழுதினால்தான் திட்டம்.

முழுவதும் ஈடுகட்டலாமா, பாதியா, விட்டுவிடலாமா

ஒன்றுமே செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்று முதலில் பாருங்கள். மற்ற ஆறு நாள் 1,900 வீதம் 11,400, தீபாவளி 3,900, மொத்தம் 15,300. நாள் சராசரி சுமார் 2,190. எடை நிற்கத் தேவையான 2,300-ஐவிட இன்னமும் குறைவு! வாரப் பற்றாக்குறை 2,800-இலிருந்து 800 ஆகச் சுருங்கியிருக்கிறது, அவ்வளவுதான். அந்த வாரம் 350 கிராமுக்குப் பதில் 100 கிராம் இறங்கும். கொழுப்பு ஒரு கிராமும் கூடவில்லை. ஏற்கெனவே எடை குறைப்பில் இருப்பவர் ஒரே ஒரு நாள் தீபாவளி கொண்டாடியதால் நேர்ந்த இழப்பு இவ்வளவே. மிச்ச ஆறு நாளும் வழக்கப்படி நின்றால் என்ற நிபந்தனை மட்டும் உண்டு.

இன்னொரு கோடியில், 2,000-ஐயும் முழுக்க ஈடுகட்ட நினைத்தால் ஆறு நாளுக்கு நாளொன்றுக்கு 333 குறைக்க வேண்டும். 1,900 என்பது 1,567 ஆகும். தாளில் எழுத எளிது. மூன்றாவது நாள் மாலையில் பலகாரத் தூக்கு கண்ணில் படும்போது அந்த 333 என்ன பாடு படுத்தும் என்பது வேறு.

நடைமுறையில் நிற்பது பாதி ஈடு. ஆயிரத்தை மட்டும் ஆறு நாளில் பரப்புங்கள், ஆயிரத்தை விட்டுவிடுங்கள். வார மொத்தம் 14,300, சராசரி 2,040 சொச்சம், பற்றாக்குறை 1,800. எடையில் 230 கிராம் இறங்கும். முழு ஈட்டுக்கும் பாதி ஈட்டுக்கும் உள்ள வித்தியாசம் 130 கிராம். அதற்காக ஆறு நாள் பசியோடு இருப்பது சரியான வியாபாரமில்லை என்பதே எங்கள் கணிப்பு.

எந்த வழியை எடுத்தாலும் ஒரு தரைமட்டம் வேண்டும். வழக்கமான அளவில் 15 விழுக்காட்டுக்கு மேல் எந்த நாளும் குறைக்காதீர்கள். இவருக்கு 1,900-இல் 15 விழுக்காடு 285. ஆக 1,600-க்குக் கீழே இறங்கக் கூடாது. வழக்கமே 1,300, 1,400 என்று சாப்பிடும் ஒல்லியான பெண்களுக்குக் குறைக்க இடமே இல்லை. அவர்கள் ஈடுகட்டுவதை விட்டுவிட்டு, விழா நாளையும் சேர்த்துச் சராசரி மட்டும் பார்த்துக்கொள்வது நல்லது.

எடை குறைப்பில் இல்லாமல் எடையைத் தக்கவைப்பவருக்குக் கணக்கு கொஞ்சம் கடுமை. அவருக்கு முன்சேமிப்பு என்று எதுவும் கிடையாது. 2,300 சாப்பிடுகிறவர் 3,900 சாப்பிட்டால் மிகை 1,600-உம் அப்படியே நிற்கும். அவர் நாளுக்கு 200 வீதம் ஆறு நாள் குறைத்தால் 1,200 போய்விடும். மிச்சம் 400, அதாவது 50 கிராம் கொழுப்பு. அதைத் துரத்த வேண்டியதில்லை.

ஆயிரத்தை எந்த நாளில் எவ்வளவு எடுப்பது

ஆறு நாளுக்கும் சமமாக 167 என்று வகுப்பது பள்ளிக்கூடக் கணக்கு. நாட்கள் ஒன்றுபோல் இருப்பதில்லை.

வியாழனும் வெள்ளியும் வீட்டில் இன்னும் எண்ணெய்ச் சட்டி ஏறியிருக்காது. குறைக்க எளிதான நாட்கள். 200 வீதம் எடுத்து 1,700 சாப்பிடலாம். சனிக்கிழமை பலகாரம் சுடும் நாள். உப்பு சரியா, பாகு பதமா என்று வாயில் போடுவதே இரண்டு முறுக்கு, அரை அதிரசம் ஆகிவிடும். அன்று எதையும் குறைக்காமல் 1,900-ஐ வைத்து, ருசி பார்த்ததை அதற்குள் அடக்கினால் போதும். பண்டிகைக்கு முந்தின நாள் பட்டினி கிடப்பது கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. காய்ந்த வயிற்றோடு தீபாவளி காலையில் உட்காருகிறவர் ஐந்து இட்லியோடு எழ மாட்டார்.

திங்கள் மிச்சக் குழம்பு, மிச்சப் பலகாரம், உறவினர் வருகை. 150 மட்டும் எடுங்கள். செவ்வாய், புதன் 225 வீதம். 200, 200, 0, 150, 225, 225 எல்லாம் சேர்த்து ஆயிரம்.

அந்த 200-ஐ எதிலிருந்து எடுப்பது? மதியச் சோற்றில் 150 கிராம், அதாவது சின்னக் கிண்ணம் ஒன்று, 195 கலோரி. அதோடு அன்றைய கணக்கு முடிந்தது. சோற்றில் கை வைக்க மனமில்லை என்றால் மாலை டீக்கடையில் தின்னும் மசால்வடை ஒன்றை விட்டு, இரண்டு காபியில் சர்க்கரையை விடுங்கள். கிட்டத்தட்ட அதே அளவுதான். வீட்டுத் தாளிப்பில் உங்கள் பங்குக்கு ஒரு தேக்கரண்டி எண்ணெய் குறைந்தால் 45. மீன், முட்டை, பருப்பு, கீரை, காய் இவற்றில் கை வைக்காதீர்கள். வயிறு நிறைந்த உணர்வைத் தருவது அவைதான். அவற்றைக் குறைத்தால் 200 மிச்சமாகிச் சாயங்காலம் 400 போகும். ஐப்பசி மழையில் கடல் கொந்தளித்துப் படகு போகாத நாட்களில் துறைமுகத்தில் மீன் வரத்து குறையும், விலை ஏறும். அந்த வாரத்துக்கு முட்டையும் கொண்டைக்கடலையும் முன்னதாகவே வாங்கிவைத்துக்கொள்ளலாம்.

சாப்பாட்டை விட்டுவிட்டு நடந்தே தீர்த்துவிடலாமா என்று கேட்பவர்களுக்கு: 78 கிலோ ஆள் ஒரு கிலோமீட்டர் நடந்தால் சும்மா உட்கார்ந்திருப்பதைவிடக் கூடுதலாகச் செலவாவது 40 கலோரி அளவில்தான். தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையிலோ புதுச்சேரிக் கடற்கரைச் சாலையிலோ ஐந்து கிலோமீட்டர் நடந்தால் ஒரே ஒரு அதிரசம் தீரும். நடங்கள், நல்லதுதான். ஆனால் கைக்கடிகாரம் காட்டும் எண்ணைக் கலோரி நோட்டில் கழிக்காதீர்கள். நீங்கள் வழக்கமாக நடப்பது 2,300 என்ற எண்ணுக்குள் ஏற்கெனவே இருக்கிறது. மறுபடி கழித்தால் ஒரே நடைக்கு இரண்டு முறை கூலி.

ஞாயிறு இரவு மறுகணக்கு

திட்டம் 3,900 என்றிருக்கும். நடந்தது அதுவாக இருக்காது. விரிதாளில் B2 முதல் B8 வரை வியாழன் தொடங்கிப் புதன் வரை எழுதினால் தீபாவளி B5-இல் வரும். மிச்ச மூன்று நாளுக்கு நாளொன்றுக்கு எவ்வளவு என்பதை இது சொல்லும்:

```
=(14300-SUM(B2:B5))/3
```

திட்டப்படியே நடந்திருந்தால் முதல் நான்கு நாள் மொத்தம் 9,200, விடை 1,700. அதில் திங்கள் 1,750, மற்ற இரண்டு நாளும் 1,675 என்று பிரித்துக்கொள்ளலாம்.

மச்சான் வீட்டில் இன்னொரு தட்டு பிரியாணி ஆகி, தீபாவளி 4,400-இல் முடிந்தது என்று வையுங்கள். இப்போது விடை 1,533. தரைமட்டம் 1,600 அல்லவா? இந்த இடத்தில் சூத்திரத்தின் பேச்சைக் கேட்கக் கூடாது. திங்கள் முதல் புதன் வரை 1,650 வீதம் சாப்பிட்டால் வார மொத்தம் 14,650. சராசரி 2,090 சொச்சம், பற்றாக்குறை 1,450. அப்போதும் எடை இறங்கும் பக்கமே நிற்கிறது. மிஞ்சியதை அடுத்த வாரத்துக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். வியாழன் 12-ஆம் தேதி மறுபடி 1,900-இல் தொடங்குங்கள். பாக்கியை வாரம் வாரமாக எடுத்துச்சென்றால் எது வழக்கமான அளவு என்பதே மறந்துபோய், சாதாரண நாளும் தண்டனை நாளாகிவிடும்.

நோன்பு மறுநாள் வரும் வீடுகளுக்கு ஒரு சின்னத் திருத்தம். அன்று இரண்டாவது உயர்ந்த நாள் உண்டு என்று முன்னரே தெரிந்தால் அதையும் புதன்கிழமை எழுதும் திட்டத்தில் சேர்த்து, குறைக்கும் நாட்களைப் பத்தாக விரியுங்கள். நாளொன்றுக்குக் குறைக்கும் அளவைக் கூட்டக் கூடாது. நாட்களைத்தான் கூட்ட வேண்டும். நோன்பன்று பகல் முழுக்க விரதம் இருந்து மாலையில் சாப்பிடுகிறவருக்கு மொத்தம் நினைத்த அளவு ஏறுவதில்லை என்பதையும் கவனியுங்கள். எழுதிப் பார்த்தால் சில வேளை 2,000-க்குள்ளேயே முடிந்திருக்கும்.

திங்கள் காலைத் தராசு சொல்லும் பொய்

மறுநாள் காலை ஏறி நின்றால் 78 இருந்த இடத்தில் 79.5 காட்டும். பயந்து அன்று பட்டினி போடுவது இந்த முறையில் அடிக்கடி நடக்கும் தவறு. கொஞ்சம் யோசித்தால் அந்த ஒன்றரைக் கிலோ எங்கிருந்து வந்தது என்று புரியும். எடை நிற்கும் அளவான 2,300-க்கு மேல் அவர் சாப்பிட்டது 1,600. அது முழுக்கக் கொழுப்பாக மாறினாலும் 200 கிராம்தான். மிச்சம் 1,300 கிராமில் பெரும்பகுதி தண்ணீர். சோறும் வெல்லமும் கிளைக்கோஜன் என்ற சேமிப்பு மாவாக ஈரலிலும் தசையிலும் போய்ச் சேரும்போது, ஒவ்வொரு கிராமும் தன்னோடு சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்துவைக்கும். குழம்பு, முறுக்கு, பிரியாணியில் உள்ள உப்பும் தண்ணீரைத் தேக்கும். போதாக்குறைக்கு நேற்றுத் தின்றதில் ஒரு பகுதி இன்னும் குடலில் இருக்கிறது.

பழைய சாப்பாட்டுக்குத் திரும்பினால் இது மூன்று நான்கு நாளில் வடியும். ஆகவே 9 முதல் 11 வரை தராசைப் பார்த்து எந்த முடிவும் எடுக்காதீர்கள். அக்டோபர் 29 முதல் நவம்பர் 4 வரையிலான ஏழு நாள் காலை எடையின் சராசரியை எடுத்து, நவம்பர் 12 முதல் 18 வரையிலான சராசரியோடு ஒப்பிடுங்கள். நம் ஆளுக்குத் திட்டம் பலித்திருந்தால் இடைப்பட்ட இரண்டு வாரத்தில் அரைக் கிலோவை ஒட்டி இறங்கியிருக்க வேண்டும். மாதவிடாய் நாட்களில் தண்ணீர் தேங்குவது பெண்களுக்குத் தனியாக உண்டு. சுழற்சியில் அதே கட்டத்தில் இருக்கும் வாரங்களை ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும்.

அந்த ஒப்பீட்டில் எடை இறங்காமல் நின்றிருந்தால் தீபாவளி நாளைச் சந்தேகிக்காதீர்கள். தூக்குவாளியைத் திறந்து பாருங்கள்.

வாளியில் இருக்கும் இரண்டாவது தீபாவளி

ஏழு நாள் சராசரி கணக்கிட்டது ஒரே ஒரு உயர்ந்த நாளுக்கு. பலகாரம் ஒரு நாளில் தீர்வதில்லை. காலைக் காபியோடு ஒரு முறுக்கு, மாலையில் ஒன்று, நடுவில் போகிற போக்கில் ஒரு அதிரசம்: 410 கலோரி. எட்டு நாள் இப்படிப் போனால் 3,280. தீபாவளியன்று சாப்பிட்ட மிகை 2,000 அல்லவா, இது அதைவிட ஒன்றரை மடங்குக்கு மேல். ஒவ்வொரு முறையும் ஒன்றுதானே என்று நோட்டில் ஏறாமல் போவதும் இதுதான்.

அதனால் திங்கள் காலை வேலை ஒன்று இருக்கிறது. வாளியில் உள்ளதை எண்ணி அல்லது எடை போட்டு எழுதுங்கள். 18 அதிரசமும் ஒன்றேகால் கிலோ முறுக்கும் மிச்சம் என்றால் வீட்டில் உட்கார்ந்திருப்பது ஏறக்குறைய 10,000 கலோரி. நாலு பேர் வீட்டில் உங்கள் பங்கு 2,500. இதை முதலில் பார்த்துவிட்டால் யாருக்கெல்லாம் பொட்டலம் கட்டலாம் என்ற யோசனை தானாக வரும். தபால்காரர், குப்பை வண்டி எடுப்பவர், தட்டு கொடுத்த பக்கத்து வீடு, அலுவலகம். திங்களும் செவ்வாயும் கொடுத்தால்தான் கொடுத்த மாதிரி. மழை ஈரத்தில் முறுக்கு நமத்துப்போன பிறகு நீட்டினால் வாங்குகிறவர் முகம் மாறும்.

உங்களுக்கென்று வைத்துக்கொள்வதைச் சின்னப் பொட்டலங்களாகக் கட்டுங்கள், ஒன்றில் ஒரு அதிரசம் அல்லது இரண்டு முறுக்கு. இரண்டுமே 200 சொச்சம். ஒரு நாளுக்கு ஒரு பொட்டலம்; அது அன்றைய 1,675-க்குள் வர வேண்டும், அதற்கு மேல் அல்ல. மாலை டீயோடு தின்னும் கடைப் பலகாரத்தின் இடத்தில் அதை வைத்தால் வேறு எதையும் விட வேண்டியிருக்காது. வாளியோடு மடியில் வைத்துக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தால் எந்தச் சூத்திரமும் உதவாது.